குழுப் பயணத்தை ரத்து செய்யும் செய்தியை எப்படி எழுதுவது?

*ஆறு நண்பர்கள், எட்டு மாதமாகத் திட்டமிட்ட பயணம். 20ஆம் தேதி கிளம்ப வேண்டும். விமானம், தங்கும் வீடு, வண்டி எல்லாவற்றையும் நான்தான் முன்பதிவு செய்தேன். பணம் ஆளுக்குச் சமமாகப் போட்டிருக்கிறோம். அதே வாரத்தில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று நேற்று உறுதியானது. இன்று 1ஆம் தேதி. நான் இல்லாமல் அவர்கள் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பயணம் ரத்து என்று குழுவில் எப்படி எழுதுவது? கட்டிய பணமும் வீணாகக் கூடாது, யார் மனமும் நோகக் கூடாது.*

"பயணம் ரத்து" என்று முதல் செய்தியில் எழுதாதீர்கள். உங்கள் கையில் இருப்பது உங்கள் வருகை மட்டும்தான். மற்ற ஐந்து பேரின் பயணத்தை அவர்கள்தான் ரத்து செய்ய வேண்டும். நீங்கள் இல்லாமல் அவர்கள் போகமாட்டார்கள் என்ற உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அதை அவர்கள் வாயால் சொல்லட்டும். குழுப் பயணங்களுக்கு முன்பதிவு செய்து கொடுப்பது என் தொழில். இப்படிப்பட்ட மனத்தாங்கல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வர முடியாமல் போனதற்காக நண்பர்கள் கோபித்துக்கொள்வது அபூர்வம். தங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார், பணம் என்ன ஆயிற்று என்று தெளிவாகச் சொல்லவில்லை, இன்னும் நான்கு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது திரும்பியிருக்கும் என்ற மூன்றில் ஒன்றுதான் பிற்பாடு புண்ணாக நிற்கிறது. மூன்றையும் செய்தியிலேயே தடுத்துவிட முடியும்.

அதற்கு, எழுதும் முன் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. எல்லா முன்பதிவு மின்னஞ்சல்களையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், ஒருவரை மட்டும் விலக்க முடியுமா, மொத்தமாகத்தான் ரத்து செய்ய முடியுமா, பணம் யாருடைய கார்டுக்குத் திரும்பும். விதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். முன்பதிவு செய்தபோது "ரத்து செய்யலாம்" என்று படித்த நினைவு இருக்கும், ஆனால் அது எந்தத் தேதி வரை என்பது மறந்திருக்கும். கெடு பெரும்பாலும் தங்குமிடம் இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும். அந்த ஊர் உங்கள் ஊருக்குக் கிழக்கே வேறு நேர மண்டலத்தில் இருந்தால், உங்கள் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருக்கும்போதே அங்கே கெடு முடிந்திருக்கும். இடைத்தரகு இணையதளம் வழியாகப் பதிந்திருந்தால் அந்தத் தளத்தின் கெடுவையும் பாருங்கள்; விமான நிறுவனத்தின் கெடுவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் முன்பதிவு விதிகளை நீங்கள் சொல்லவில்லை. பரவலாகக் காணப்படும் விதிகளை வைத்து ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 90 பங்கு பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் 40. அதில் 34 திரும்பாத கட்டணம், 6 ரத்து செய்தால் திரும்பக்கூடிய வரி. வீட்டுக்கு 40, 6ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் முழுவதும் திரும்பும், அதன் பிறகு பாதி, 13ஆம் தேதிக்குப் பிறகு எதுவும் இல்லை. வண்டிக்கு முன்பணம் 5, திரும்பாது. ஓர் இடத்துக்கான நுழைவுச்சீட்டு 5. பணம் திரும்பாது, ஆனால் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். 6ஆம் தேதிக்குள் எல்லாவற்றையும் ரத்து செய்தால் ஆளுக்கு இழப்பு 39: விமானத்தில் 34, வண்டியில் 5. அதையே 7ஆம் தேதி செய்தால் வீட்டில் 20 கூடுதலாகப் போய் இழப்பு 59 ஆகிவிடும். அடுத்த ஐந்து நாளில் பணத்தைப் பொறுத்தவரை முக்கியமானது அந்த வீடு ஒன்றுதான். விமான டிக்கெட்டை இன்றே ரத்து செய்தாலும் 18ஆம் தேதி ரத்து செய்தாலும் திரும்புவது அதே 6. ஆகவே உங்கள் செய்திக்கு ஒரே ஒரு கெடு போதும்: வீட்டுக்கான கெடு. அதற்கு ஒரு நாள் முன்னதாக, 5ஆம் தேதி இரவு 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இன்றே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டால் நண்பர்கள் திணறுவார்கள். வீட்டை மட்டும் நாலு நாளில் முடிவு செய்வோம் என்றால் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

தாள் தயாரானதும் குழுவில் எழுதிவிடாதீர்கள். முதலில் இரண்டு பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். யார் அந்த இருவர்? உங்களுக்கு நெருக்கமானவர்கள் என்று பார்க்க வேண்டாம். இந்தச் செய்தியால் அதிகம் பாதிக்கப்படுபவர்களாக இருக்க வேண்டும். விடுப்புக்காக மேலாளரிடம் மாதக்கணக்கில் போராடியவர் ஒருவர் இருப்பார். தொலைவிலிருந்து தனியாக இன்னொரு டிக்கெட் எடுத்து வந்து சேரவேண்டியவர் இருப்பார். அவருடைய இழப்பு உங்கள் தாளிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இருவரும் குழுவில் மற்றவர்களோடு சேர்ந்து படித்துத் தெரிந்துகொண்டால் முதல் ஏமாற்றத்தை எல்லோர் முன்னாலும் விழுங்க வேண்டியிருக்கும். தனியாகச் சொன்னால் அந்த ஏமாற்றம் உங்களிடமே வெளிப்பட்டுவிடும். அழைப்பு ஐந்து நிமிடம் போதும். "அப்பாவுக்கு 21ஆம் தேதி அறுவைச் சிகிச்சை, நான் வர முடியாது. குழுவில் எழுதும் முன் உன்னிடம் சொல்ல நினைத்தேன். முன்பதிவு எதையும் இன்னும் தொடவில்லை." இவ்வளவுதான். அந்த அழைப்பிலேயே "நீ போவாயா, மாட்டாயா" என்று கேட்காதீர்கள். அவர் சொல்லும் பதில் மற்றவர்களைக் கட்டிப்போட்டுவிடும்.

இரண்டு அழைப்புகளும் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் குழுவில் எழுதிவிடுங்கள். இடைவெளி விட்டால் செய்தி வேறு வழியில் கசிந்து, கடைசியாகத் தெரிந்தவருக்குத் தாம் கடைசி ஆள் என்ற வருத்தம் வந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம். அனுப்பிய பிறகு ஒரு மணி நேரமாவது பதில் சொல்லக்கூடிய நிலையில் இருங்கள். குரல் பதிவாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து யாராவது "எத்தனாம் தேதி வரை நேரம்?" என்று தேடும்போது எழுத்துதான் கிடைக்கும்.

செய்தி இப்படி இருக்கலாம்:

> எல்லோருக்கும் ஒரு வருத்தமான செய்தி. அப்பாவுக்கு 21ஆம் தேதி அறுவைச் சிகிச்சை என்று நேற்று உறுதியானது. அதனால் 20ஆம் தேதி நான் வர முடியாது. இது முடிவாகிவிட்டது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், பயப்பட ஒன்றும் இல்லை.
>
> பயணம் நடக்க வேண்டுமா என்பதை நீங்கள் ஐந்து பேரும் முடிவு செய்யுங்கள். நீங்கள் போனால் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எல்லா முன்பதிவையும் உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறேன். தள்ளிவைக்கலாம், விட்டுவிடலாம் என்று நினைத்தாலும் எனக்குச் சம்மதம். எனக்காக எதையும் முடிவு செய்ய வேண்டாம்.
>
> இதுவரை எந்த முன்பதிவையும் ரத்து செய்யவில்லை. அவசரமானது வீடு மட்டும்தான்: 6ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அதன் பிறகு பாதிதான். ஆகவே 5ஆம் தேதி இரவு 8 மணிக்குள் ஒவ்வொருவரும் வருகிறேன், வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எனக்குத் தனியாக எழுதினாலும் போதும். அதற்குள் மூன்று பேராவது வருவதாகச் சொல்லாவிட்டால் வீட்டை ரத்து செய்துவிடுகிறேன். விமான டிக்கெட்டுக்கு அவசரம் இல்லை. உங்களில் யாருடைய டிக்கெட்டையும் அவரவர் சொல்லாமல் தொடமாட்டேன்.
>
> பணம்: நீங்கள் போனால் வீட்டில் என் பங்கு அப்படியே இருக்கட்டும், யாரும் கூடுதலாகப் போட வேண்டாம். பயணம் நடக்காவிட்டால் வண்டி முன்பணம் முழுவதும் என் கணக்கில். மீதி விவரத்தை ஒரு தாளாக நாளை அனுப்புகிறேன்.

இந்தச் செய்தியில் சில இடங்கள் வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டிருக்கின்றன.

காரணம் ஒரே வரியில் இருக்கிறது. நோயின் பெயர், மருத்துவர் சொன்னது, வேறு தேதி கேட்டுப் பார்த்தது ஆகியவற்றையெல்லாம் எழுதினால் நீங்கள் வாதாடுவதைப் போலத் தோன்றும். வாதம் என்று வந்துவிட்டால் எதிர்வாதமும் வரும்: "அறுவைச் சிகிச்சை 21தானே, முதல் நாள் மட்டும் வந்துவிட்டுத் திரும்பிவிடேன்." அந்தப் பேச்சை வளரவிடாமல் செய்வது "இது முடிவாகிவிட்டது" என்ற வரிதான். "வர முடியுமா என்று பார்க்கிறேன்" என்று எழுதினால் நண்பர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்பிலேயே 6ஆம் தேதி கடந்துவிடும். மென்மையாகச் சொல்வதாக நினைத்து நாம் எழுதும் இந்த மழுப்பல்தான் பணத்தையும் தின்கிறது, மனத்தையும் நோகடிக்கிறது. காரணம் அப்பாவின் உடல்நிலையாக இல்லாமல், சொல்ல விரும்பாத வேறொன்றாக இருந்தாலும் இதே அளவுதான்: "வீட்டில் ஒரு விஷயம், விவரம் இப்போது சொல்ல முடியவில்லை." பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். ஆறு பேர் குழுவில் அது தங்காது.

மன்னிப்பு எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "வருத்தமான செய்தி" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். ஒருமுறை மன்னிப்புக் கேட்பதில் தவறில்லை. பத்தி பத்தியாகக் கேட்டால், ஐந்து பேரும் உங்களை ஆறுதல்படுத்தும் வேலையில் இறங்கிவிடுவார்கள். வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி மேலே எங்கோ போய்விடும்.

பணத்தில் நீங்கள் ஏற்பது எது என்று முதலிலேயே, அளவோடு, நிபந்தனை இல்லாமல் சொல்லியாகிவிட்டது. விலகுபவர் பிரிக்க முடியாத செலவில் தம் பங்கை விட்டுக்கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. வீட்டின் வாடகை 240. ஆறு பேராக இருந்தாலும் ஐந்து பேராக இருந்தாலும் அது மாறாது. உங்கள் 40ஐ எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் ஆளுக்கு 48 கொடுக்க வேண்டிவரும். யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். உங்கள் இடத்தில் வேறு ஒருவர் சேர்ந்தால் அவர் தரும் 40 உங்களுக்கு வரும், அது தனி. மறுபக்கம், "எல்லோருடைய இழப்பையும் நானே தருகிறேன்" என்று எழுதவும் வேண்டாம். பெருந்தன்மையாகத் தோன்றும், ஆனால் நண்பர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடும். ஏற்றால் குற்ற உணர்வு, மறுத்தால் உபசார இழுபறி. வண்டி முன்பணம் மாதிரி பெயர் சொல்லக்கூடிய ஒரே ஒரு செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டில் அது மொத்தம் 30. அதில் 5 ஏற்கெனவே உங்களுடையது.

"அடுத்த மாதம் கட்டாயம் போவோம்" என்ற வரியும் இல்லை. இருக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியாது. இப்போது ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டால் இரண்டாவது முறையும் நீங்களே ரத்து செய்ய வேண்டிவரும். இரண்டாவது ரத்துக்கு முதல் ரத்துக்குக் கிடைத்த பொறுமை கிடைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, பதில் சொல்லாதவர்களைப் பற்றியது. ஆறு பேர் குழுவில் ஒருவராவது படித்துவிட்டு மௌனமாக இருப்பார். மௌனத்துக்கு என்ன பொருள் என்பதைச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும், ஆனால் எல்லா முன்பதிவுக்கும் ஒரே பொருள் கொடுக்கக் கூடாது. வீட்டைப் பொறுத்தவரை மௌனம் ஆபத்தானது. காத்திருந்தால் எல்லோருக்கும் இழப்பு. ஆகவே பதில் இல்லையென்றால் ரத்து. விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை எதிர்மாறு. ரத்து செய்தபின் அதே விலையில் திரும்ப வாங்க முடியாது, காத்திருந்தாலோ இழப்பு கூடாது. ஆகவே பதில் இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். இந்த வேறுபாட்டை எழுதிவைத்துவிட்டால் பிறகு யாரும் "என்னைக் கேட்காமல் செய்துவிட்டாய்" என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு நான் மூன்று பேர் என்று வைத்தேன். இரண்டு பேருக்காக அந்த வீட்டை வைத்திருப்பது வீண் என்ற கணக்கில். உங்கள் குழுவுக்கு எந்த எண் பொருந்தும் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தி போனதும் பெரும்பாலும் முதலில் வருவது, "நீ இல்லாமல் எங்களுக்கு எதற்குப் பயணம், விட்டுவிடுவோம்" என்ற பதில். நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இதயக் குறி போட்டுவிட்டு உடனே வீட்டை ரத்து செய்துவிடாதீர்கள். முதலில் பேசியவர் உணர்ச்சியில் பேசியிருப்பார். போக ஆசைப்படும் இன்னொருவர் இதைப் படித்தபின் வாய் திறக்கமாட்டார். இப்படிப் பதில் சொல்லலாம்: "படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனாலும் 5ஆம் தேதி வரை காத்திருப்போம், எல்லோரும் யோசித்துச் சொல்லட்டும்." செய்தியில் தனியாக எழுதலாம் என்று சேர்த்ததும் இதற்காகத்தான். குழுவில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு தெரியும் வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று முடிவு வந்தால், அந்த இரண்டு பேர் தோற்றவர்களாக உணர்வார்கள்.

கோபமாக ஒருவர் எழுதினால், "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்று வந்தால், குழுவில் விளக்கம் கொடுக்காதீர்கள். "நேற்றுதான் உறுதியானது. உன்னைக் கூப்பிடுகிறேன்" என்று எழுதிவிட்டு உடனே கூப்பிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு செலவு இருக்கும்: இந்தப் பயணத்துக்காக அவர் வாங்கிய ஒரு பொருள், விட்டுக்கொடுத்த வேறொரு நிகழ்ச்சி. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். சரிசெய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. மௌனமாக இருப்பவரை 4ஆம் தேதி மாலை ஒருமுறை கூப்பிடுங்கள். குழுவில் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டாம்.

இனி ரத்து செய்யும் வேலை. முடிவு எதுவானாலும் இதில் சில பொறிகள் உண்டு.

முதல் பொறி விமான டிக்கெட். ஆறு பேருக்கும் ஒரே முன்பதிவு எண், அதாவது ஒரே பிஎன்ஆர் இருக்கும். அதில் உங்களை மட்டும் நீக்க நினைத்து ரத்து பொத்தானை அழுத்தினால், சில தளங்களில் ஆறு பேருடைய டிக்கெட்டும் சேர்ந்தே போய்விடும். பயணிகளின் பெயர்ப் பட்டியல் வந்து ஒருவரை மட்டும் தேர்வு செய்யும் வசதி தெளிவாகத் தெரிந்தால் தவிர மேலே போகாதீர்கள். தெரியாவிட்டால் டிக்கெட் கொடுத்தவரை அழைத்து, முதலில் பிஎன்ஆரைப் பிரித்து உங்களுக்குத் தனி எண் தரச் சொல்லுங்கள். அந்தத் தனி எண் வந்தபின், பழைய எண்ணில் மற்ற ஐந்து பேரும் உறுதியாக இருக்கிறார்களா, அவர்கள் தேர்ந்தெடுத்த இருக்கைகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உங்களுடையதை ரத்து செய்யுங்கள்.

பணம் திரும்பாத டிக்கெட்தானே, சும்மா விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ரத்து செய்யாமல் விமானத்துக்குப் போகாவிட்டால் திரும்பவேண்டிய வரிகூடப் போய்விடலாம். ஒரே டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணமும் பொதுவாகத் தானாகவே ரத்தாகிவிடும். ஒருவேளை நண்பர்களில் யாராவது ரயிலில் போய்விட்டு விமானத்தில் திரும்பலாம் என்று கணக்குப் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இதில் அவசரமும் வேண்டாம். சீக்கிரம் ரத்து செய்வதால் கூடுதல் பணம் திரும்பாத டிக்கெட் என்றால், புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்வரை வைத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. இடையில் விமான நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்தாலோ, நேரத்தைப் பெரிய அளவில் மாற்றினாலோ, பல நாடுகளில் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்க முடியும். நீங்கள் முன்பே ரத்து செய்திருந்தால் அந்த உரிமை போயிருக்கும். காப்பீடு எடுத்திருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் விட்ட இடத்துக்கு வேறொரு நண்பர் வர விரும்பினால் வீட்டிலும் வண்டியிலும் எளிது, விமானத்தில் பெரும்பாலும் முடியாது. பல விமான நிறுவனங்கள் பெயரில் எழுத்துப் பிழை திருத்தத்தை அனுமதிக்கும். ஆளையே மாற்றுவதை அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் தனிக் கட்டணம் உண்டு. பணத்துக்குப் பதில் வரவுச்சீட்டு தருவதாகச் சொன்னால் அது யார் பெயரில், எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். பொதுவாக அது பயணியின் பெயரோடு கட்டுண்டிருக்கும்; ஆறு பேருக்கும் சேர்த்து நீங்களே "சரி" என்று சொல்லிவிட்டால், வருடத்துக்கு ஒருமுறைகூட விமானம் ஏறாத நண்பருக்கு அந்தச் சீட்டால் பயனில்லை. வரியா, வரவா என்பதை ஒவ்வொருவரும் தேர்வு செய்யட்டும்.

இரண்டாவது பொறி வீடு. ஐந்து பேரும் போவதாக முடிவானால், முன்பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்களோ போகப்போவதில்லை. சில தளங்களில் முன்பதிவு செய்தவரே தங்க வேண்டும் என்ற விதி உண்டு. வாசலில் அடையாள அட்டை கேட்கும்போது இது வெடிக்கும். ஆகவே வீட்டுக்காரருக்கு அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதி, இன்னார் தலைமையில் ஐந்து பேர் தங்குவார்கள் என்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன சம்மதம் போதாது. பெயர் மாற்ற முடியாது, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றால், வீட்டுக்காரரோடு பேசி ஒப்புக்கொண்ட பிறகே பழையதை விடுங்கள். இல்லாவிட்டால் இடைவெளியில் வேறொருவர் பிடித்துவிடுவார், அல்லது விலை ஏறியிருக்கும். எல்லோரும் தள்ளிவைக்க நினைத்தாலும் ரத்து செய்வதற்கு முன் தேதி மாற்றம் கேட்டுப் பாருங்கள். முழுப் பணமும் திரும்பும் கெடுவுக்குள் கேட்கும்போது வீட்டுக்காரருக்கு ஒப்புக்கொள்வதில் ஆர்வம் அதிகம். மாற்றிய பிறகு புதிய தேதிக்கும் ரத்து விதி அதேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பயணக் காப்பீடு. யாராவது எடுத்திருந்தால் விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். நெருங்கிய குடும்பத்தினரின் அறுவைச் சிகிச்சை பல காப்பீடுகளில் ஏற்கப்படும் காரணம்தான், ஆனால் காப்பீடு எடுத்தபோதே அந்த நோய் தெரிந்திருந்தால் சிக்கல். உங்கள் அப்பாவின் நிலை உங்கள் காப்பீட்டுக்குக் காரணமாகலாம். உங்கள் நண்பரின் காப்பீட்டுக்கு அது தானாகக் காரணமாகிவிடாது. சில திட்டங்கள் உடன் பயணம் செய்பவர் விலகுவதை ஏற்கும், பல ஏற்காது. ஏற்கும் காப்பீடும் தாமதத்தை மன்னிப்பதில்லை: காரணம் தெரிந்த உடனே நீங்கள் ரத்து செய்யாததால் கூடிய இழப்பை அவர்கள் தர மறுக்கலாம். ஆகவே காப்பீடு இருந்தால் இன்றே அவர்களுக்குத் தெரிவித்து, எதை எப்போது ரத்து செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அறுவைச் சிகிச்சைத் தேதியைக் குறிப்பிடும் மருத்துவமனைக் கடிதத்தையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5ஆம் தேதி இரவு, முடிவு "வேண்டாம்" என்று வந்தால், அப்போதுதான் இரண்டாவது செய்தி. இதில்தான் ரத்து என்ற சொல் முதன்முதலாக வர வேண்டும், அதுவும் எல்லோருடைய முடிவாக:

> ஐந்து பேரும் சொல்லிவிட்டீர்கள். இந்த முறை விட்டுவிடுவோம் என்பதே எல்லோருடைய எண்ணமும். சற்று முன் வீட்டை ரத்து செய்தேன், முழுப் பணமும் திரும்புகிறது. உறுதிச் செய்தியின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பணம் என் கார்டுக்கு வந்த அன்றே ஆளுக்கு 40 அனுப்பிவிடுகிறேன். வண்டியில் நீங்கள் போட்ட 5ஐ இன்றே அனுப்புகிறேன். நுழைவுச்சீட்டுகளைத் தேதி மாற்றி வைக்கலாம் என்றிருக்கிறேன்; வேண்டாதவர்கள் சொல்லுங்கள், வேறு யாருக்காவது கொடுக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். விமான டிக்கெட்டுக்கு வரி 6 திரும்ப வாங்குவதா, வரவுச்சீட்டாக வைத்துக்கொள்வதா என்று 17ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரும் எனக்குச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கில் மற்ற ஐந்து பேருக்கும் இழப்பு விமானத்தின் 34 மட்டும். உங்களுக்கு அதோடு வண்டியின் 30. திரும்பும் பணம் கட்டிய கார்டுக்குத்தான் வரும், அதுவும் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். இடையில் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆகவே வாரம் ஒருமுறை "வீட்டுப் பணம் இன்னும் வரவில்லை" என்று நீங்களாகவே ஒரு வரி எழுதுங்கள். தளத்தில் சொன்ன கெடு தாண்டியும் வராவிட்டால் ரத்து உறுதி எண்ணோடு தளத்துக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கியில் முறையிடலாம். அதற்கும் ஒரு காலக்கெடு உண்டு என்பதால் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

ஐந்து பேரும் போவதாக முடிவானால் வேலை குறைவு. வண்டிக்காரருக்குப் புதிய தொடர்பு எண்ணைக் கொடுங்கள், எல்லா உறுதி மின்னஞ்சல்களையும் ஒருவருக்கு அனுப்புங்கள், நீங்கள் போட்ட திட்டத்தில் மாற்றம் செய்ய அவர்களுக்கு முழு உரிமை இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். குழுவைவிட்டு வெளியேற வேண்டாம். அவர்கள் அங்கே படங்கள் போடக் கூச்சப்படுவார்கள் என்று தோன்றினால், கிளம்பும் நாள் காலையில் நீங்களே முதலில் எழுதுங்கள்: "படம் அனுப்பாமல் இருந்தால்தான் கோபம் வரும்."